குறை சொல்ல ஒரு வழி. தீர்க்க ஒரு தேதி!

"சொல்லியாயிற்று. பார்க்கிறேன் என்றார்!"

ஆலை வாசலில் ஒரு தொழிலாளியை நிறுத்தி, "உன் குறை என்ன ஆயிற்று?" என்று கேட்டால், பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சொன்னது யாரிடம்? சூப்பர்வைசரிடம். என்றைக்கு? நினைவில்லை. அவர் என்றைக்குள் பார்ப்பதாகச் சொன்னார்? அதைக் கேட்கவில்லை. அவர் பார்க்காவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும்? அது தெரியாது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிய காகிதத்துக்குத்தான் "குறைதீர்ப்பு நடைமுறை" என்று பெயர். பல தொழிற்சாலைகளில் அது இருக்கிறது. மானேஜர் அறைப் பீரோவில், ஆங்கிலத்தில், நான்கு பக்கம் டைப் அடித்து, கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் மட்டும் அதைப் பார்த்ததில்லை!

குறை வேறு, கோரிக்கை வேறு

முதலில் ஒரு வேற்றுமையைத் தெரிந்துகொள்வது நல்லது. "எல்லாருக்கும் பஞ்சப்படியை உயர்த்த வேண்டும்" என்பது கோரிக்கை. அதைச் சங்கம் பேசும்; ஒப்பந்தத்தில் முடியும். "எனக்குச் சேர வேண்டிய பஞ்சப்படியை இந்த மாதம் குறைத்துவிட்டார்கள்" என்பது குறை. ஏற்கெனவே உள்ள உரிமை ஒருவருக்குக் கிடைக்காமல் போனால் அது குறை. சம்பளம், ஓவர் டைம், லீவு, மாற்றல், பதவி உயர்வு, சீனியாரிட்டி, கொடுக்கப்பட்ட வேலை, வேலை செய்யும் இடத்தின் நிலை ஆகியவை பற்றி எழும் தனி ஒருவரின் மனக்குறைகள் எல்லாம் இந்த வகை.

பெண் தொழிலாளிக்கு நேரும் பாலியல் தொல்லையை இந்த வழியில் கொண்டுபோகக் கூடாது. அதற்கு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குழு உண்டு. தொல்லை கொடுத்தவரே சூப்பர்வைசராக இருந்தால், அவரிடமே முதல் மனுவைக் கொடு என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

1958-ல் போட்ட பாதை

இந்த நடைமுறைக்கு நம் நாட்டில் ஒரு மாதிரி வகுத்தது 1958-ம் ஆண்டில். அந்த ஆண்டு நைனிடாலில் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 16-வது கூட்டம் நடந்தது. குல்சாரிலால் நந்தா அப்போது மத்தியத் தொழிலாளர் மந்திரி. முதலாளிகள், தொழிற்சங்கங்கள், சர்க்கார் ஆகிய மூன்று தரப்பாரும் தொழில் ஒழுங்கு விதிகளை ஒப்புக்கொண்டார்கள். அதோடு சேர்ந்தே குறைதீர்ப்புக்கான மாதிரி நடைமுறையும் வந்தது.

அதன் படிகள் எளியவை. தொழிலாளி, நிர்வாகம் குறிப்பிட்ட அதிகாரியிடம் தம் குறையை வாயால் சொல்ல வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் இலாகாத் தலைவரிடம் போகலாம். அவருக்கு 3 நாள். அங்கும் தீரவில்லை என்றால் குறைதீர்ப்புக் குழு. அதற்கு 7 நாள். குழுவில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தால் நிர்வாகம் அதை நிறைவேற்ற வேண்டும். ஒருமித்த கருத்து இல்லையென்றால் விவரம் முழுவதும் மானேஜரிடம் போகும். அவர் 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் பிடிக்காவிட்டால் நிர்வாகத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம்; அதற்கு ஒரு வாரம். அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால், ஒரு வாரத்துக்குள் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து, இரு தரப்பும் நம்பும் மத்தியஸ்தரிடம் விஷயத்தை விடலாம்.

கூட்டிப் பார்த்தால், வாய்ச் சொல்லில் தொடங்கிய குறைக்கு மானேஜரின் முடிவு 15 நாளில் வந்துவிட வேண்டும். மறுபரிசீலனையும் சேர்த்து 22 நாள். அதாவது, அடுத்த சம்பள நாள் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும்!

அதில் தொழிலாளிக்கும் ஒரு கடமை உண்டு. மேலதிகாரியின் உத்தரவு பற்றித்தான் குறை என்றால், முதலில் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். பிறகு மனுக் கொடுக்க வேண்டும். "வேறு மெஷினுக்குப் போ" என்றால் போக வேண்டும்; போய்க்கொண்டே எழுதிக் கொடுக்கலாம். போகமாட்டேன் என்று நின்றுவிட்டால், குறை மறைந்துவிடும். ஒழுங்கு நடவடிக்கை முன்னால் வந்து நிற்கும். அதேபோல், விசாரணைக்காக வேலை நேரத்தில் அழைத்தால் அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்றும் அந்த நடைமுறை சொல்லிற்று.

நல்ல பாதைதான். ஆனால் ஒன்று. அது மனமொப்பி ஏற்றுக்கொண்ட விதி. மீறினால் தண்டனை கிடையாது. ஆகவே, நல்ல ஆலைகளில் நடந்தது. மற்ற இடங்களில் பீரோவுக்குள் போயிற்று.

சட்டம் வந்தது

2010-ம் ஆண்டில்தான், தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அப்போது குழுவுக்குக் கொடுத்த கெடு 45 நாள். அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், 2020-ல் இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 4-வது பிரிவு இந்தக் குழுவைப் பற்றியது.

20 தொழிலாளர் இருந்தால் குழு வேண்டும். நிர்வாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மேல் கூடாது. தலைவர் பதவி ஓர் ஆண்டு நிர்வாகத்துக்கு, மறு ஆண்டு தொழிலாளருக்கு. பெண்கள் எந்த விகிதத்தில் வேலை செய்கிறார்களோ, அதற்குக் குறையாமல் குழுவிலும் இடம் பெற வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். மனு கிடைத்த 30 நாளில் குழு வேலையை முடிக்க வேண்டும்.

முடிவு எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பான்மை போதும்; ஆனால் தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். குழுவில் 6 பேர் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 3 பேர். நிர்வாகத்தின் 3 பேரும் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரும் கை தூக்கினால் 4 ஓட்டு ஆகிவிடும். ஆனாலும் அது முடிவு ஆகாது. தொழிலாளர் பக்கத்தில் இரண்டு பேராவது ஒப்ப வேண்டும். இல்லையென்றால், முடிவு எதுவும் ஏற்படவில்லை என்றே சட்டம் கொள்ளும். ஒருவரை மட்டும் வசப்படுத்திக் காரியத்தை முடித்துவிடாதபடி போட்ட பூட்டு இது.

ஒரு நூற்பாலையில்...

இனி, இந்தச் சக்கரம் எப்படிச் சுழலும், எங்கே சிக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்பது நல்லது.

நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் ஓட்டும் பெண் ஒருவர். ஒரு நாளைக்குக் கூலி 640 ரூபாய். 8 மணி நேர வேலைக்கு அது. ஆகவே மணிக்கு 80 ரூபாய். ஓவர் டைமுக்கு இரட்டைக் கூலி. மணிக்கு 160 ரூபாய். மே மாதத்தில் மூன்று நாள், நாளுக்கு 4 மணியாக 12 மணி நேரம் அவர் கூடுதலாக வேலை செய்தார். வர வேண்டியது 1,920 ரூபாய். ஜூன் 7-ல் வந்த சம்பளச் சீட்டில் 4 மணி நேரத்துக்கு 640 ரூபாய்தான் இருக்கிறது. குறைவு, 1,280 ரூபாய். அவருக்கு அது இரண்டு நாள் கூலி.

ஆலையின் நடைமுறையில் முதல் இரண்டு படிகளும் பழைய மாதிரியைப் போலவே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 8-ல் சூப்பர்வைசரிடம் சொல்கிறார். "டைம் ஆபீஸில் கேட்கிறேன் அம்மா" என்கிறார் அவர். 48 மணி நேரம் 10-ம் தேதியோடு முடிகிறது. பதில் இல்லை. 11-ம் தேதி ஸ்பின்னிங் மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்கிறார். 14-ம் தேதி மாஸ்டர் கூப்பிடுகிறார். "டைம் ஆபீஸ் கணக்கில் ஒரு நாள்தான் இருக்கிறது. மற்ற இரண்டு நாளுக்கும் ஓவர் டைம் சீட்டில் சூப்பர்வைசரின் கையெழுத்து இல்லை. நான் என்ன செய்வது?" என்கிறார்.

இங்கேதான் முதல் சிக்கல். கையெழுத்துப் போட மறந்தவர் யாரோ, அவரிடம்தான் முதல் மனு போயிற்று! தம் தவறைத் தாமே தீர்ப்புச் சொல்லும்படி யாரை நிறுத்தினாலும், அவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். சீட்டைப் பார்க்க மாட்டார். ஆகவே நல்ல நடைமுறைக் காகிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: "குறை எந்த அதிகாரியைப் பற்றியதோ, அந்தப் படியை விட்டு அடுத்த படிக்கு நேரே போகலாம்."

ஜூன் 15-ல் அவர் குழுவுக்கு மனு எழுதுகிறார். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. பெயர், டோக்கன் நம்பர், இலாகா. எந்த மூன்று நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. சீட்டில் வந்தது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு. முன்பு யாரிடம் என்றைக்குச் சொன்னார், என்ன பதில் வந்தது. இப்போது கேட்பது என்ன என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். "எனக்கு அநியாயம் நடக்கிறது" என்று பத்து வரி எழுதுவதைவிட, "1,280 ரூபாய் வர வேண்டும்" என்ற ஒரு வரிக்கு வலு அதிகம். சம்பளச் சீட்டின் நகலையும் சேர்த்தார். அந்த இரண்டு நாளும் இரவு எட்டு மணிக்கு மேல் கேட்டைத் தாண்டி வெளியே போனதை, வாட்ச்மேன் கேட் புத்தகத்தில் எழுதியிருப்பார். அதைப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு காரியமும் செய்தார். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் "15-ந் தேதி பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். அற்பமாகத் தோன்றும் இந்தக் கையெழுத்துத்தான் முழு வழக்குக்கும் அஸ்திவாரம். 30 நாள் கெடு, மனு கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. கிடைத்த நாளுக்குச் சாட்சி இல்லையென்றால், கடிகாரத்துக்குச் சாவியே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

காத்திருந்தால் கெட்டது

ஜூலை 15-ல் குழுவுக்குக் கொடுத்த 30 நாள் முடிகிறது. ஒரு முறை கூடினார்கள், கேட் புத்தகம் வரவில்லை என்று ஒத்திவைத்தார்கள், மறுபடி கூடவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான தொழிலாளர் செய்யும் தவறு, "முடிவு வரட்டும், பிறகு மேலே போகலாம்" என்று உட்கார்ந்திருப்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முடிவு வந்து அது பிடிக்காவிட்டாலும் மேலே போகலாம். கெடுவுக்குள் முடிவே வராவிட்டாலும் மேலே போகலாம். மேலே போவது என்றால், தாம் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம் சர்க்காரின் சமரச அதிகாரியிடம் மனுச் செய்வது. அதற்குச் சட்டம் கொடுத்திருப்பது 60 நாள். முடிவு கைக்கு வந்தால் அன்றிலிருந்து; வராவிட்டால், அந்த 30 நாள் முடிந்த தேதியிலிருந்து. இந்தப் பெண்ணுக்கு அந்த 60-வது நாள் செப்டம்பர் 13.

இப்போது ஆலையின் காகிதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "குழுவின் முடிவில் திருப்தி இல்லாதவர் டைரக்டருக்கு மேல்முறையீடு செய்யலாம். டைரக்டர் உரிய காலத்தில் பரிசீலிப்பார்."

பார்வைக்கு இது சலுகை. உள்ளே இருப்பது பொறி! "உரிய காலம்" என்றால் எத்தனை நாள்? அவர் ஜூலை 20-ல் டைரக்டருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஆகஸ்டு போகும். "பைல் மேஜையில் இருக்கிறது" என்பார்கள். செப்டம்பர் 13-ம் போகும். பிறகு சமரச அதிகாரியிடம் போனால், "60 நாள் கடந்துவிட்டதே" என்ற ஆட்சேபம் காத்திருக்கும். ஆலைக்குள் இருக்கும் மேல்முறையீடு, சட்டத்தின் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் என்று அந்த 4-வது பிரிவில் எங்கும் இல்லை.

ஆகவே டைரக்டருக்கு எழுதுவது தவறில்லை. அதையே நம்பி இருப்பதுதான் தவறு. டைரக்டருக்கு எழுதிய கையோடு, சங்கத்திடம் செப்டம்பர் 13 என்ற தேதியைச் சொல்லி, அதற்கு முன்னதாகவே சமரச மனுவைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

சமரச அதிகாரி தீர்ப்புச் சொல்பவர் அல்ல. இரு தரப்பையும் அழைத்துப் பேசி ஒத்துப்போகச் செய்பவர். பேச்சு தொடங்கிய 45 நாளில் அவர் தம் அறிக்கையைத் தர வேண்டும். ஒத்துவராவிட்டால், அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில், பெரும்பாலான தகராறுகளை அங்கே அனுப்பலாமா என்று சர்க்கார் யோசித்து உத்தரவு போட வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை.

வேலையை விட்டே நீக்கிவிட்டால் வழி சற்று வேறு. அப்போது சங்கம் துணைக்கு இல்லாவிட்டாலும், தனி ஒருவரின் தகராறையே தொழில் தகராறாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆன பின் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை

1,280 ரூபாய்க்கு இவ்வளவு படிகளா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நிர்வாகம்தான் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட் புத்தகத்தையும் டைம் ஆபீஸ் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை ஜூன் 9-ம் தேதி செலவிட்டிருந்தால், சமரச அதிகாரியின் காரியாலயத்தில் பெர்சனல் ஆபீசர் நாள் முழுவதும் உட்கார வேண்டியதில்லை. மேலும், ஒரு சூப்பர்வைசர் ஒருவரின் ஓவர் டைம் சீட்டில் கையெழுத்துப் போட மறந்தால், அந்த ஷிப்டில் இன்னும் சிலருக்கும் மறந்திருப்பார். ஒரு குறையை ஒழுங்காக விசாரித்தால், வெளியே வராத மற்றக் குறைகளும் அதே புத்தகத்தில் தெரியும்.

ஒரு நடைமுறை உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்கக் குறைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் போதும். ஆண்டு முழுவதும் ஒரு மனுவும் இல்லையென்றால், "எங்கள் ஆலையில் குறையே இல்லை" என்று நிர்வாகம் பெருமைப்படுவது உண்டு. நூற்றுக்கணக்கானவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குக்கூட லீவுக் கணக்கோ சம்பளக் கணக்கோ தவறவில்லை என்பதை நம்ப முடியுமா? அந்த வெற்றுப் பக்கம், மனுக் கொடுக்கத் தெரியவில்லை அல்லது பயப்படுகிறார்கள் என்றுதான் சொல்கிறது. மனுக்கள் இருந்து, முடிவுத் தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தால் குழு தூங்குகிறது. எல்லா மனுக்களும் கடைசிப் படி வரை போயிருந்தால், கீழே இருக்கும் அதிகாரிகளுக்குத் தீர்க்கும் அதிகாரமே கொடுக்கவில்லை என்று பொருள். இரண்டு நாள் ஓவர் டைமைச் சரிசெய்ய மாஸ்டருக்கு அதிகாரம் இல்லையென்றால், அவரிடம் மூன்று நாள் காத்திருக்கச் சொல்வது எதற்கு?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பீரோவில் இருக்கும் காகிதத்தை வெளியே எடுத்து, தமிழில் எழுதி, டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அதிகாரியின் பதவிப் பெயரும், அவருக்கு உள்ள நாட்களும் அதில் இருக்க வேண்டும். "உரிய காலம்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அங்கே ஓர் எண்ணை எழுத வேண்டும். "கெடுவுக்குள் பதில் வராவிட்டால், பதில் மறுக்கப்பட்டதாகக் கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்" என்ற வரியைச் சேர்க்க வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்டுக் கையெழுத்துக் கொடுப்பது கட்டாயம் என்றும் எழுத வேண்டும். குழுவின் 30 நாளும், அதற்குப் பிறகு வெளியே போக உள்ள 60 நாளும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

நிர்வாகம் எழுதாவிட்டால், தொழிலாளி தம் சம்பளச் சீட்டின் பின்பக்கத்திலாவது மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளட்டும்: மனுக் கொடுத்த நாள், அதிலிருந்து 30-வது நாள், அதற்கு மேல் 60-வது நாள். "பார்க்கிறேன்" என்று இனி யாராவது சொன்னால், "எந்தத் தேதிக்குள், ஐயா?" என்று மரியாதையாகக் கேட்க அது போதும்.